மணிவிழா அறிவிப்பில் எதை எழுதலாம், எதை விடலாம்?

*"அப்பாவுக்கு அடுத்த மாதம் 60 நிறைகிறது. அந்த மாதக் கடைசியில் அரசுப் பணியிலிருந்து ஓய்வும் பெறுகிறார். திருக்கடையூரில் மணிவிழா வைத்திருக்கிறோம். நாளிதழில் ஒரு விளம்பரம், ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பத்திரிகையின் படம் என்று திட்டம். அப்பாவின் முழுப் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், கடைசியாக இருந்த பதவி, வீட்டு முகவரி, நான் திருச்சியில், தம்பி அமெரிக்காவில், பேரப்பிள்ளைகளின் பெயர், பள்ளி எல்லாம் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது அப்பா ஒரு வருடம் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றும் நாலு வரி. தம்பி எதுவுமே போடாதே என்கிறான். அப்பாவோ எல்லாம் விவரமாக இருக்க வேண்டும் என்கிறார். நான் எதைக் கேட்பது?"*
*— ஒரு வாசகி, திருச்சி*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த விளம்பர வரைவைப் படித்தேன். அதில் இருந்த பெயர்களையும் தேதிகளையும் இங்கே அச்சிடவில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நான் 30 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் வாடிக்கையாளர்களின் மோசடிப் புகார்களை விசாரிக்கும் பிரிவில் வேலை. தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "எதுவுமே போடாதே" என்பது அப்பாவுக்குச் செய்கிற அநியாயம். 60 வருஷம் வாழ்ந்து, 30 வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்படுவதில் என்ன தப்பு? எந்த விவரம் எந்தக் கையில் போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்கிறேன். தமிழக அரசில் முன்பு ஓய்வு வயது 58. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்துத்தான் மணிவிழா வரும். அதற்குள் பணிக்கொடை, பி.எஃப். எல்லாம் வந்து, வீடு கட்டவோ பெண் கல்யாணத்துக்கோ போயிருக்கும், இல்லை டெபாசிட்டில் உட்கார்ந்திருக்கும். 2020ல் ஓய்வு வயது 59 ஆனது, 2021ல் 60 ஆனது. இப்போது உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஓய்வும் மணிவிழாவும் கையோடு கையாக வருகின்றன. ஆக, ஓர் அரசு ஊழியருக்கு மணிவிழா என்று விளம்பரம் வந்தால், "இவர் கணக்குக்கு அடுத்த சில மாதங்களில் வாழ்நாளிலேயே பெரிய தொகை வரப் போகிறது" என்று கூடவே எழுதியது போல்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வு பெற்ற முதல் வருஷம் யாருக்கும் நடைமுறை தெரியாது. கருவூலத்திலிருந்து என்ன கடிதம் வரும், ஆண்டு நேர்காணல் எப்போது, வாழ்நாள் சான்றை எங்கே கொடுப்பது என்று எல்லாமே புதிது. நாலைந்து வருஷம் ஓய்வூதியம் வாங்கிப் பழகியவரிடம் "நேர்காணல் முடிக்கவில்லை, பென்ஷன் நிற்கப் போகிறது" என்றால், "போன மாதம்தானே முடித்தேன்" என்று போனை வைத்துவிடுவார். புதிதாக ஓய்வு பெற்றவர் பதறிவிடுவார்.

நான் விசாரித்த ஒரு புகாரைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் அவரும் மனைவியும்தான். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்திருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே முழுப் பெயர், பிறந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த பள்ளி, ஓய்வு பெற்ற மாதம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "சரியா ஐயா?" என்று கேட்டிருக்கிறான். எல்லாம் சரி. "உங்கள் கோப்பில் ஒரு சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது. இப்போது ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள்." இவர் சொல்லிவிட்டார். மூன்று தடவை சொன்னார். நாலு லட்சத்துச் சொச்சம் போயிற்று.

அந்த ஆசிரியர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "என் பிறந்த தேதி அவனுக்குத் தெரிந்திருந்ததே சார்." அவர் ஏமாந்த இடம் அதுதான். பிறந்த தேதியை வைத்துக்கொண்டு யாரும் நேரடியாகப் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் அதைச் சொன்ன குரலை அவர் நம்பினார். அவருடைய மாணவர்கள் அன்போடு போட்ட பணி நிறைவு வாழ்த்து ஒன்று ஃபேஸ்புக்கில் இருந்தது. அவன் ஒப்பித்ததெல்லாம் அதே வரிசையில் அதில் இருந்தது.

எனவே உங்கள் வரைவில் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: முகம் தெரியாத ஒருவன் இதைப் போனில் சொன்னால், அப்பா அவனை அதிகாரி என்று நம்பிவிடுவாரா? நம்புவார் என்று பட்டால், அந்த வரி ஊர் முழுக்கப் போகிற அறிவிப்பில் வேண்டாம்.

பிறந்த தேதியிலிருந்து தொடங்குவோம். வரைவில் ஓர் இடத்தில், தேதியை எடுத்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் வைக்கலாமா என்று பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 27 நட்சத்திரமும் ஒரு சுற்று வர 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. அதனால் ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு முறை வரும், சில மாதங்களில் இரண்டு முறை. மணிவிழா பிறந்த மாதத்தில், ஜன்ம நட்சத்திரத்தில் செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷத்திலிருந்து 60ஐக் கழித்தால் பிறந்த வருஷம். பழைய பஞ்சாங்கம் இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. இரண்டு நிமிட வேலை.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மணிவிழா என்று சொல்லிவிட்டால் பிறந்த வருஷத்தை மறைக்கவே முடியாது. அது எங்கே உதைக்கும் என்றால், ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருஷமும்தான். சுரேஷ் குமார் என்பவர் 1990ல் பிறந்திருந்தால் SURE1990. பல வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கு அறிக்கைக்கும் இதே மாதிரி, பெயரின் நான்கு எழுத்தோடு பிறந்த நாளும் மாதமும்தான் கடவுச்சொல். அதாவது பெயரும் தேதியும் உள்ள அறிவிப்பு அந்தக் கோப்புகளின் சாவியையும் கூடவே கொடுத்துவிடுகிறது. கோப்பு கையில் இருந்தால்தான் சாவிக்கு வேலை என்பது ஒரு நிம்மதி. ஆனால் அப்பாவின் இ-ஆதார் எங்கெங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில், பத்திரப் பதிவுக்கு அலைந்த தரகரின் வாட்ஸ்அப்பில், திருக்கடையூரில் அறை போட அனுப்பிய விடுதியின் போனில். அறைக்கு அனுப்பும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். அதே இணையதளத்தில் அதையும் இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு, அழிக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.

வருஷத்தை மறைக்க முடியாவிட்டாலும் நாளையும் மாதத்தையும் ஓரளவு மங்கலாக்கலாம். அறிவிப்பில் "மணிவிழா" என்று மட்டும் இருக்கட்டும். நட்சத்திரம் வேண்டாம், விழாத் தேதியும் வேண்டாம். தேதி இல்லாமல் விளம்பரமா என்று அப்பா கேட்பார். அழைக்க வேண்டியவர்களைப் பத்திரிகை வைத்து அழைக்கப் போகிறீர்கள். நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாரும் திருக்கடையூருக்கு வண்டி ஏறப் போவதில்லை. அது சேதி சொல்லத்தான். சேதி விழா முடிந்து வந்தால் போதும்.

அப்படிப் பின்னால் போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருக்கடையூருக்கு முதல் நாளே போய்த் தங்கி, விடிகாலையில் ஹோமத்துக்கு உட்காருவீர்கள். குறைந்தது இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடக்கும். விழாத் தேதியும் வீட்டு முகவரியும் ஒரே கட்டத்துக்குள் அச்சாகி வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் தேதிகளைச் சொல்லி வையுங்கள். ரோந்து போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். கோயிலில் இருந்தபடியே நேரலை போடுவது, ஸ்டேட்டஸ் வைப்பது எதுவும் வேண்டாம் என்று கூட வரும் இளசுகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, "நான் திருச்சியில், தம்பி அமெரிக்காவில்" என்ற வரி. உங்கள் வரைவிலேயே எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெளியாள் அதில் படிப்பது, "வயதான இருவர் தனியாக இருக்கிறார்கள், அவசரத்துக்கு ஓடிவர ஆள் இல்லை" என்பதை. மகனுக்கு விபத்து, பேரனைப் போலீஸ் பிடித்துவிட்டது, மகன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று வரும் அழைப்புகளுக்கு இந்த ஒரு வரியே போதும். அந்த நேரம் அமெரிக்காவில் நடு இரவு. தம்பி போனை எடுக்க மாட்டார். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ அழைப்பில் உட்கார வைத்து மிரட்டுகிறவர்களுக்கும் இப்படிப்பட்ட வீடுதான் தோது. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. பிள்ளைகளின் பெயர் இருக்கட்டும், ஊர் வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு "பேரன் பேத்திகள்" என்பதே அழகாகத்தான் இருக்கிறது. பள்ளியின் பெயரையும், சீருடையில் இருக்கும் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

பதவியைப் பற்றி அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரிகிறது. "அரசுப் பணியில் 34 ஆண்டுகள்" என்று போடலாம். துறை, அலுவலகம், கடைசிப் பதவி, ஓய்வு பெற்ற நாள் நான்கும் சேர்ந்து வந்தால், அந்த ஆசிரியருக்கு வந்த மாதிரி ஒரு போன் செய்ய அது போதும்.

இனி அழைப்பிதழ். நம் ஊர்ப் பத்திரிகை மாதிரி ஒரு குடும்பத்தின் விவரத்தை மொத்தமாகத் தருகிற தாள் வேறில்லை. இரண்டு பக்கத் தாத்தா பாட்டி பெயர், சொந்த ஊர், இருப்பு, மாமன் மச்சான் வரிசை, விழா நேரம், வீட்டு முகவரி, மூன்று கைபேசி எண்கள். அது கையில் கொடுக்கிற தாள். மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, தெரிந்த மனிதருக்குக் கொடுப்பதற்காக எழுதியது. அங்கே எல்லா விவரமும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதுதான் தவறு. உங்கள் போனில் எண் சேமித்திருக்கும் எல்லோரும் சொந்தக்காரர்களா? கேஸ் ஏஜென்சிக்காரர், ஒரு தடவை வந்த பிளம்பர், இரண்டு வருஷம் முன்னால் பழைய பைக் வாங்கியவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஸ்டேட்டஸ் அமைப்பில் Only share with என்று இருக்கும். அதில் சொந்தங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் Public இருக்கும் இடத்தில் Friends என்று மாற்றுங்கள். அப்பாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் பிறந்த தேதி எல்லோருக்கும் தெரிகிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள். விளம்பரத்தில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, அங்கே அது திறந்து கிடந்தால் பிரயோஜனமில்லை.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேருங்கள்: "அழைப்பிதழ் படமாக மட்டுமே வரும். ஏதாவது செயலியை நிறுவச் சொல்லி எங்கள் பெயரில் வந்தால் தொடாதீர்கள்." கொஞ்ச காலமாகவே கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பை அனுப்பி, திறந்தவரின் போனையே கைப்பற்றும் மோசடி நடக்கிறது. விசேஷம் நடக்கும் வீட்டின் பெயரில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே செய்தியில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாழ்த்துப் போடுகிறவர்கள் பத்திரிகைப் படத்தைப் பகிர வேண்டாம். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் சித்தப்பா ஒருவர் போட்டுவிடுவார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அம்மாவைப் பற்றிய நாலு வரிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுத முக்கியக் காரணமே அதுதான். படிக்கும்போது கண் கலங்கியது. கீமோ முடிந்து வந்த இரவுகளில் அப்பா தரையில் பாய் போட்டு, கட்டில் காலைப் பிடித்தபடி தூங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான எழுத்து. ஆனால் அது யாருடைய கதை? அப்பாவுக்கு விழா, எழுதியது நீங்கள், நோய் அம்மாவுடையது. கடிதத்தில் எங்குமே "அம்மாவிடம் கேட்டேன்" என்ற வார்த்தை இல்லை.

கேளுங்கள். எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்டால், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். அவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாலு வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். "நம்மளப் பத்திக் கொஞ்சம் எழுதியிருக்கேன்" என்று சுருக்கிச் சொல்லாதீர்கள். யார் படிப்பார்கள் என்றும் சொல்லுங்கள்: தெருக்காரர்கள் படிப்பார்கள், பழைய அலுவலகத்தார் படிப்பார்கள், அத்தை வீட்டு சம்பந்திகள் படிப்பார்கள். சந்தோஷமாகச் "சரி" என்றால் போடலாம். தயங்கினால், பேச்சை மாற்றினால், அது வேண்டாம் என்றுதான் அர்த்தம். காரணம் கேட்டுத் தொல்லை பண்ணாதீர்கள். நாளைக்குப் பேத்திக்குக் கல்யாணப் பேச்சு வந்தால், பாட்டிக்கு இருந்த நோயைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பேசுவார்கள் என்ற கவலை அவருக்கு இருக்கலாம். அந்தப் பேச்சு நியாயமில்லைதான். ஆனால் அதைச் சுமக்கப் போகிறவர் அவர். அதோடு, புற்றுநோய் என்று பொதுவில் எழுதினால் மூலிகை மருந்து விற்கிறவன், பரிகாரம் சொல்கிறவன் எல்லாம் அம்மாவின் எண்ணைத் தேடிப் பிடிப்பார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்பதுண்டு. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் விவரத்தைத் தானே பொதுவெளியில் போட்டுவிட்டால் அதற்குப் பொருந்தாது. வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் கையாளும் விவரமும் அதற்குள் வராது. எனவே அதை நம்பிக்கொண்டு எழுத வேண்டாம்.

அந்த நாலு வரி வீணாக வேண்டாம் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. மணிவிழா மலர் ஒன்று போடுங்கள். எட்டுப் பக்கம் போதும், நூறு பிரதி போதும். அப்பா பிறந்த ஊர், முதல் வேலையில் சேர்ந்த நாள், மாற்றலாகிப் போன ஊர்கள், கடைசிப் பதவி, நண்பர்கள் எழுதியது எல்லாம் அதில் வரட்டும். அப்பா கேட்கிற விவரம் முழுக்க அதில் இருக்கும். அம்மா சம்மதித்தால் அந்த இரவுகளும் இருக்கும். விருந்து முடிந்து தாம்பூலப் பையோடு கொடுங்கள். வந்தவர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஒன்று மட்டும், அதை ஸ்கேன் செய்து குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

நாளிதழுக்கும் ஃபேஸ்புக்குக்கும் இப்படி எழுதிப் பார்த்தேன். விழா முடிந்து வீடு திரும்பிய மறுநாள் வருகிற மாதிரி:

*"எங்கள் பெற்றோர் (அப்பா பெயர்) – (அம்மா பெயர்) மணிவிழா, அன்னை அபிராமி சந்நிதியில், உற்றார் உறவினர் சூழ இனிதே நடந்தேறியது. 34 ஆண்டு அரசுப் பணியில் நேர்மை ஒன்றையே சொத்தாகச் சேர்த்து, எங்களுக்கும் அதையே கொடுத்த அப்பாவுக்கும், அவருக்குத் துணையாகவும் தூணாகவும் நிற்கும் அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். நேரில் வந்தும், இருந்த இடத்திலிருந்தும் வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. — மகள், மகன், மருமக்கள், பேரன் பேத்திகள்."*

பெயருக்கு முன்னால் இனிஷியல் வேண்டாம், கூப்பிடுகிற பெயர் போதும். படத்துக்கு இருவரும் மாலையோடு இருக்கிற ஒன்று. பின்னால் வீட்டு வாசலும் கார் எண்ணும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் எப்படி வந்தாலும் அப்பாவிடம் விழாவுக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் பணி நிறைவு வாழ்த்து மடல் வாசிப்பார்கள், நண்பர்கள் ஏதாவது போடுவார்கள், எல்லாவற்றையும் தடுக்க முடியாது. அதனால் "உங்க பிறந்த தேதியும் ஆபீஸ் பேரும் ஊருக்கே தெரியும்னு வெச்சுக்கோங்கப்பா. அதைச் சொல்றவன் அதிகாரின்னு அர்த்தமில்லை" என்று சொல்லுங்கள். பென்ஷன் விஷயமாக யார் பேசினாலும் போனை வைத்துவிட்டு, கருவூலத்தின் எண்ணை அவராகவே தேடிக் கூப்பிட வேண்டும், இல்லை நேரில் போக வேண்டும். அந்த எண்ணை இப்போதே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் எழுதுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். அந்த ஆசிரியர் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருந்தது.

தம்பியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது: அமெரிக்காவில் எந்த நேரமானாலும் அப்பா கூப்பிட்டால் மட்டும் ஒலிக்கிற மாதிரி போனை மாற்றி வைக்க வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.